தேயிலைக்கு மேல் எடுத்த தரைமட்டம்

என் வேலை என்ன என்று அக்காவுக்கு விளங்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். ரோடு போடுகிற கம்பெனியில் மண் கணக்குப் பார்க்கிறேன் என்றால், "மண்ணுல என்னா கணக்கு?" என்பாள். ஒருநாள் அவளுடைய குசினியில் உட்கார்ந்து ரொட்டியை வைத்தே சொல்லிக் காட்டினேன். இப்போது இருக்கிற தரை ஒரு கோடு. வரப்போகிற ரோடு இன்னொரு கோடு. தரை மேலே இருக்கும் இடத்தில் வெட்டு, கீழே இருக்கும் இடத்தில் நிரப்பு. வெட்டில் வருகிற மண் நிரப்புக்குப் போதுமென்றால் வெளியிலிருந்து ஒரு கூடை மண்கூடக் கொண்டுவரத் தேவையில்லை.

"மேட்ட வெட்டி பள்ளத்த மூடுறது. இதுக்கா கெம்பஸ் போயி நாலு வருஷம் படிச்ச?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வர அதிக நேரம் எடுக்காது. ஆனால் அவள் சொன்னதில் பிழையும் இல்லை.

அக்காவின் வீடு மடுல்கெல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ரோட்டுக்கு மேல் பக்கம் இருந்தது. நானும் அந்தத் தோட்டத்தில் பிறந்தவள்தான். அக்கா கொழுந்து பறிக்கிறவள். கல்யாணம் முடித்த பிறகு அவளும் அத்தானும் தொழிலாளர் வரிசை வீடான லயத்தை விட்டுத் தள்ளி, தோட்டம் கொடுத்த துண்டில் தனியாக ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள். ரோட்டுப் பக்கம் பார்த்தபடி குசினி. குசினிக்கு முன்னால் பீன்ஸும் லீக்ஸும் போட்ட ஒரு சின்ன மரக்கறித் தோட்டம். அந்தத் தோட்ட ரோட்டைத்தான் பஸ் இரண்டு ஒன்றையொன்று கடந்து போகிற அளவுக்கு அகலமாக்கும் வேலையை எங்கள் கம்பெனி எடுத்திருந்தது. நான் குண்டசாலையில் வாடகைக்கு எடுத்திருந்த மேல்மாடியிலிருந்து தினமும் கம்பெனி வேனில் போய் வந்தேன்.

அலுவலகம் என்பது ரோட்டோரத்தில் இறக்கி வைத்த ஓர் இரும்புக் கொள்கலன். மலைக்கும் அதற்கும் இடையில் ஓர் ஆள் நுழையும் இடம்தான். கதவு பாதிதான் திறக்கும், மீதியை மண்சுவர் தடுக்கும். இருந்த ஒரே ஜன்னலைத் திறந்தால் வெட்டிய மண் முகத்துக்கு நேரே நிற்கும். மழை பெய்தால் உள்ளே பேசுவது கேட்காது, வெயில் அடித்தால் உள்ளே இருக்க முடியாது. அதில் மூன்று மேசை, நான்கு கதிரை, ஓர் இரும்பு அலுமாரி. எனக்கு அந்தப் பெட்டிக்குள் நுழையும்போதெல்லாம் மூச்சு ஒரு பிடி குறையும்.

வடிவமைப்பு அலுவலகத்திலிருந்து வந்த கணக்கு பார்க்க அழகாக இருந்தது. இருபது மீட்டருக்கு ஓர் இடத்தில் மலையைக் குறுக்கே அறுத்துப் பார்த்தது போல ஒரு படம். சரிவு நிலம் என்பதால் பல படங்களில் மேல் பக்கம் வெட்டு, கீழ்ப் பக்கம் நிரப்பு, இரண்டும் இருக்கும். வெட்டின் பரப்பைத் தனியாகவும் நிரப்பின் பரப்பைத் தனியாகவும் எடுக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து இரண்டு படங்களின் பரப்பைக் கூட்டி, பாதியாக்கி, இடையிலுள்ள இருபது மீட்டரால் பெருக்கினால் அந்தத் துண்டில் எத்தனை கன மீட்டர் மண் என்று வந்துவிடும். எல்லாத் துண்டையும் கூட்டினால் முழு ரோடு. அழுத்தி உருட்டும்போது மண் சுருங்குவதையும் கழித்துவிட்டு, வெட்டும் நிரப்பும் கிட்டத்தட்டச் சமம் என்று அந்தத் தாள் சொன்னது. லயத்தைத் தாண்டி ரோடு கடக்கும் பெரிய பள்ளத்தை மூடுவதற்கு, அதற்கு முன்னால் உள்ள சரிவை வெட்டி வரும் மண்ணே போதும்.

இப்படிச் சமமாக வரும் கணக்கைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். மலைநாட்டு நிலம் யாருக்கும் இவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டதை நான் பார்த்ததில்லை.

முளை அடிக்கப் போன அன்று அது தெரியவந்தது. ஒவ்வொரு முளையிலும் இந்த இடத்தில் இவ்வளவு வெட்டு, இவ்வளவு நிரப்பு என்று எழுதுவோம். முதலில் வந்த மலை போன பருவம் கவ்வாத்து வெட்டியது. செடியெல்லாம் மொட்டையாக, தரை பளிச்சென்று தெரிந்தது. அங்கே தாளும் தரையும் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போயின. தண்ணீர்க் கானைத் தாண்டி அடுத்த மலைக்குள் கால் வைத்தோம். கொழுந்து தளதளவென்று நிற்கிற மலை. நாற்பது சென்டிமீட்டர் வெட்டு என்று தாள் சொன்ன முளையில் லெவல் கருவியை வைத்துப் பார்த்தால், தரை ரோட்டு மட்டத்துக்கு முப்பத்தைந்து கீழே கிடந்தது. வெட்ட அங்கே ஒன்றுமே இல்லை, நிரப்பத்தான் வேண்டும். அடுத்த முளையிலும் அப்படியே. அதற்கு அடுத்ததிலும் அப்படியே. எல்லாவற்றிலும் ஏறத்தாழ முக்கால் மீட்டர் பிழை.

நான் தேயிலைக்கு நடுவில் நின்றேன். செடியின் தலை என் இடுப்புக்குச் சற்றுக் கீழே, மேசை போட்ட மாதிரி ஒரே மட்டமாகச் சரிவோடு இறங்கிப் போயிற்று. கையை விரித்து அதன்மேல் வைத்தேன். அப்போதுதான் விளங்கியது. தரையை அளந்தது ட்ரோன். மேலே பறந்து படமெடுத்தால் சவுக்கு மரம் தனியாக நீட்டிக்கொண்டு தெரியும், அதைச் சாஃப்ட்வேர் கழித்துவிடும். தேயிலையை அப்படிக் கழிக்க அதற்குத் தெரியாது. எங்கள் அம்மாவும் அக்காவும் வாரத்துக்கு வாரம் கிள்ளிக் கிள்ளி அவ்வளவு மட்டமாக வைத்த செடி அது. இடைவெளியே இல்லாத அந்தப் பச்சையைத்தான் தரை என்று எடுத்துக்கொண்டது. கொழும்பில் கதிரையில் இருந்து பார்த்தவர்களுக்கும் அது வழவழப்பான நல்ல தரையாகத்தான் தெரிந்திருக்கும். தேயிலையை டப்பாவில் மட்டும் பார்த்தவர்கள்.

கொள்கலனுக்கு வந்து கணக்கை மறுபடி போட்டேன். தேயிலை நின்ற நீளம் முந்நூறு மீட்டர். ரோடு பிடிக்கும் அகலம் பன்னிரண்டு. சராசரியாக எழுபது சென்டிமீட்டர் இல்லாத தரை. வெட்டு என்று எண்ணியதில் ஒரு பகுதி வெறும் காற்றும் இலையும். நிரப்பு என்று எண்ணியது உண்மையைவிடக் குறைவு. இரண்டும் சேர்ந்து இரண்டாயிரத்து ஐந்நூறு கன மீட்டர் மண் குறைகிறது. அந்தப் பெரிய பள்ளம் பாதியில் வாயைத் திறந்தபடி நிற்கும்.

எங்கள் தள மேலாளர் யாழ்ப்பாணத்தவர். நல்ல மனிதர், சர்க்கரை வியாதிக்காரர், எந்த நேரமும் களைத்துப்போய் இருப்பார். தாளைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஓம், நீர் சொல்லுறது சரி. இனி மண்ணுக்கு என்ன செய்யிறது?"

வெளியிலிருந்து கொண்டுவரலாம் என்றேன். அவர் சிரித்தார். கீழே இருக்கிற பழைய பாலம் மண் ஏற்றிய டிப்பர் லொறியைத் தாங்காது. இது எனக்கும் தெரியும்.

"லயத்துக்குப் பின்னால ஒரு மேடு நிக்குது பாரும். தேயிலை இல்லை, வெறும் பற்றை. நல்ல சரளை மண். தோட்டத்துத் துரையும் எடுங்கோ எண்டு சொல்லிப்போட்டார்."

அந்த மேட்டை எனக்கு இவரைவிட நன்றாகத் தெரியும். அதன் அடியில்தான் பீலி இருக்கிறது. கோடையிலும் வற்றாத தண்ணீர். நாங்கள் அங்கேதான் குளித்தோம், துணி துவைத்தோம். அவ்வளவு தண்ணீர் உள்ளே ஓடும் ஒரு மேட்டின் அடியை வெட்டினால் அதைத் தாங்கிப் பிடிக்கிற மண்ணை எடுத்துவிடுகிறோம் என்று அர்த்தம். அடுத்த பெருமழைக்கு மீதி மேடு லயத்தின் மேல் வந்து உட்காரும். லயத்தில் வரிசையாகக் குடும்பங்கள், குழந்தைகள், படுக்கையில் கிடக்கிற கிழடுகள். நான் கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். அவர் கத்தவில்லை.

"எனக்கும் விளங்குது. ஆனா மழைக்கு முதல் பள்ளத்தை நிரப்பாட்டி, அரைகுறையாப் போட்ட மண்ணும் கழுவுப்பட்டுக் கீழ போயிடும். அப்ப அவசரத்தில அந்த மேட்டிலதான் மண் வெட்டுற பெக்கோவை விடுவாங்கள். என்னாலயும் மறிக்கேலாது. வேற வழி இருந்தாக் கொண்டு வாரும், நான் கையெழுத்து வைக்கிறன்."

அதோடு நான் மாட்டிக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்தாலும் மேடு போகும், வாயைத் திறந்தாலும் மேடு போகும். மேடு நிற்க வேண்டுமென்றால் அந்த இரண்டாயிரத்து ஐந்நூறை நான் எங்கேயாவது கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு பல நாள் கணக்கோடு மல்லுக்கட்டினேன். முதலில் பள்ளத்தில் ரோட்டைத் தாழ்த்திப் பார்த்தேன். நிரப்பு குறைந்தது, ஆனால் பள்ளத்தைத் தாண்டி ஏறும் ஏற்றம் பஸ் மழையில் ஏற முடியாத அளவுக்குச் செங்குத்தானது. முன்னால் உள்ள வளைவில் ரோட்டைத் தாழ்த்தி வெட்டைக் கூட்டிப் பார்த்தேன். அங்கே ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே கற்பாறை. உடைக்க வெடி வைக்க வேண்டும், பக்கத்தில் பிள்ளை மடுவம். தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடத்துக்குப் பக்கத்தில் யார் வெடி வைப்பார்கள்? எங்கே திரும்பினாலும் முட்டியது. கடைசியில் மிஞ்சியது ஒன்றுதான். ரோட்டைத் தாழ்த்துவதும் உயர்த்துவதும் இல்லை, பக்கவாட்டில் மலைப் பக்கமாக நகர்த்துவது.

சரிவு நிலத்தில் ரோட்டை மலைக்குள் தள்ளினால் வெட்டு கூடும், நிரப்பு குறையும். இரண்டு வளைவுகளுக்கு இடையில் இருநூறு மீட்டர் சரிவு எனக்குக் கிடைத்தது. இரண்டு மீட்டர் நகர்த்தினேன். அவ்வளவுதான், ஒரு கட்டிலின் நீளம். நிலம் பத்துக்கு ஆறு ஏறுகிறது, ஆகவே ரோட்டின் கீழ் இருக்கும் தரை ஒன்றேகால் மீட்டர் போல உயர்ந்தது. கணக்கைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். திறந்து பார்த்தால் மண் சரியாக இருந்தது. போதாமல் போனதெல்லாம் வந்துவிட்டது.

சந்தோஷம் தேநீர் ஆறும் அளவுக்குக்கூட நீடிக்கவில்லை. இரண்டு மீட்டர் நகர்ந்தது ரோடு மட்டும்தான். வெட்டிய மண்ணைச் செங்குத்தாக விட முடியாது, சரித்து வெட்ட வேண்டும். மலையும் அதே பக்கம் ஏறுகிறது, வெட்டுச் சரிவும் அதே பக்கம் ஏறுகிறது. இரண்டும் போய்ச் சந்திக்கிற இடம்தான் வெட்டின் மேல் விளிம்பு. ரோடு இரண்டு மீட்டர் போனால் அந்த விளிம்பு ஐந்து மீட்டர் போகும். பழைய வரைபடத்தில் அது அக்காவின் வேலியோடு நின்றிருந்தது. புதியதில் மரக்கறித் தோட்டத்தை விழுங்கி, குசினியின் நடுவால் போயிற்று.

என் சொந்தக் கையால் போட்ட கோடு அது. அழித்துப் போட்டேன், அழித்துப் போட்டேன். ஒன்றரை மீட்டர் நகர்த்தினால் மண் போதாது. அக்காவின் வீட்டை மட்டும் விட்டு வளைத்தால் பஸ் திரும்ப முடியாத நெளிவு வந்தது. வெட்டுக்குப் பதிலாக ஒரு தாங்கு சுவர் கட்டலாமே என்று மேலாளரிடம் கேட்டேன், கெஞ்சினேன்.

"சுவர் இந்தக் கொந்தராத்தில இல்லைத் தங்கச்சி. புது வடிவமைப்புக் கேட்டா அது வர மாசக்கணக்காகும். மழை அவ்வளவுக்கு நிக்காது." பிறகு கேட்டார். "அந்த வீடு உம்முடைய ஆக்களுடையது எண்டு டிரைவர் சொன்னவன். உண்மையோ?"

"எங்க அக்கா வீடு சார்."

அவர் அந்தத் தாளை என் பக்கம் திருப்பித் தள்ளினார். "அப்ப இதை நீர் எனக்குக் காட்டேல்லை எண்டு வைப்பம்."

இதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம். காட்டவில்லை என்றால் அக்காவின் வீடு நிற்கும், மேட்டில் பெக்கோ ஏறும். லயத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவராது, மழை வரும்வரை. தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பாதிக் கதவில் பை மாட்டிக்கொண்டது. அதை இழுத்த இழுப்பில் வார் அறுந்தது. உட்கார்ந்து அழக்கூட அங்கே இடமில்லை, ஒரு பக்கம் கொள்கலன், ஒரு பக்கம் மண்சுவர். நின்றுகொண்டே அழுதேன். பிறகு உள்ளே போய் அதே தாளை மறுபடி அவர் மேசையில் வைத்தேன்.

அக்காவிடம் சொல்லப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அத்தான் விறகு பிளந்துகொண்டிருந்தார். எப்படிச் சொல்வதென்று வழி முழுக்க யோசித்து வந்தது ஒன்றும் உதவவில்லை. மேடு, பீலி, லயம், டிப்பர் என்று எல்லாவற்றையும் கலந்து கொட்டினேன். அக்கா கையில் இருந்த லீக்ஸைக் கீழே வைக்கவில்லை.

"லயத்து மேல மண்ணு சரியுமா?"

"அந்த மேட்ட வெட்டுனா சரியும்கா."

"நிச்சயமாவா?"

"எப்பன்னு சொல்ல முடியாது. சரியும்."

"அப்ப நம்ம வீட்ட எடுக்கச் சொல்லி எழுதிக் குடுத்தது யாரு?"

நான்தான் என்றேன். அத்தான் கோடரியைக் கட்டையில் கொத்தி நிறுத்திவிட்டு வீட்டுப் பின்பக்கம் போனார். அக்கா என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"வேற யாராச்சும் எழுதியிருந்தா நல்லா வாயில வந்தத பேசியிருப்பேன். இப்ப அதுக்கும் வழியில்லாம பண்ணிட்ட."

தோட்டத்தில் இரண்டு விதமாகவும் பேசினார்கள். சொந்த அக்கா வீட்டையே இடிக்கக் கொடுத்த கல்நெஞ்சுக்காரி என்று ஒரு பக்கம். தங்கச்சி கம்பெனியில் இருக்கிறாள், அக்காவுக்குப் பெரிய வீடாக வாங்கிக் கொடுக்கப் பார்க்கிறாள் என்று இன்னொரு பக்கம். இரண்டாவதைச் சொன்னவர்களில் பாதிப் பேர் மேட்டுக்கு நேர் கீழே குடியிருந்தவர்கள். லயத்தில் வீடு வீடாகப் போய் எல்லா வரைபடத்தையும் தூக்கிக் காட்டி அவர்களோடு சண்டை போட வேண்டும் போல இருந்தது. என்ன சொல்லி நிரூபிக்க? சரியாத மண்ணைக் காட்ட முடியாதே.

வெட்டு தொடங்கிய அன்று நான் அங்கே நிற்க வேண்டியிருந்தது, அது என் வேலை. சரிவு சரியாக வருகிறதா என்று பார்த்துப் பார்த்து லெவல் எழுதினேன். கூரைத் தகரத்தை அத்தானே கழற்றியிருந்தார். குசினிச் சுவர் பெக்கோவின் ஒரு தட்டுக்குக்கூட நிற்கவில்லை. பீன்ஸ் கொடி சுற்றிய கம்புகளோடு முழுத் தோட்டமும் வாளியில் ஏறியது. மேல் மண்ணை நிரப்புக்குப் போடக்கூடாது, வேரும் எருவுமாக இருக்கும், அழுத்தினால் இறுகாது. அதைத் தனியாக ஒதுக்கிக் கொட்டச் சொன்னேன். அடியில் வந்த மஞ்சள் மண் மட்டும் பள்ளத்துக்குப் போயிற்று. மழைக்கு முன் பள்ளம் மூடிவிட்டது. மேட்டை யாரும் தொடவில்லை. அது இன்னும் அங்கேயே நிற்கிறது, பீலியில் தண்ணீர் வருகிறது.

வேறு இடத்தில் வீடு தருவதாக எழுத்தில் இருக்கிறது. அது வரும்வரை அக்காவும் அத்தானும் குண்டசாலையில் என்னோடு, அந்த மேல்மாடியில். இரண்டு அறை, ஒரு பால்கனி. கீழே வீட்டுக்காரரின் சீமெந்து முற்றம். அத்தான் ஒரு கடையில் மூட்டை தூக்கப் போகிறார். அக்காவுக்குப் போக இடமில்லை. காலையில் எழுந்து பால்கனியில் நிற்பாள், உள்ளே வருவாள், மறுபடி போய் நிற்பாள். நான் வேலைக்குப் போகும்போது ஏதாவது வேணுமா என்று கேட்பேன். ஒன்றும் வேண்டாம் என்பாள். அவளுக்கு நான் காவல்காரி மாதிரி என்று எனக்கே தோன்றும். அவள் என்னோடு ஒருநாளும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், இரண்டு பேருக்கும் மூச்சு வந்திருக்கும்.

போன வாரம் இரவுச் சாப்பாட்டின்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நீதானே கணக்கு பார்த்த. நம்ம வீட்டு முன்னாடி இருந்த மேல் மண்ணு எவ்வளவு வந்துச்சு?"

எனக்கு அது பார்க்காமலே தெரியும். தனியாக ஒதுக்கச் சொன்னதால் தனியாக எழுதியிருந்தேன். பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். அவளிடம் எனக்குப் பொய் வராது.

"ரெண்டு டிப்பர்க்கா."

அக்கா அத்தானைத் திரும்பிப் பார்த்தாள்.

"இருவது வருஷம் மாட்டுக் கொட்டில்லருந்து எருவ தலையில சொமந்து போட்டோமே," என்றாள். "ரெண்டுதானாம்."